வாடகையைக் குறைக்கக் கோரும் கடிதம்

கொச்சி பிராட்வேயில் மாதம் 24,000 ரூபாய் வாடகையில் அலுவலகம் நடத்தும் தமிழன்பர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். சென்ற ஆண்டு அவருடைய சராசரி மாத வரவு 3 லட்சம். இவ்வாண்டு 2 லட்சம். வரவில் வாடகையின் பங்கு நூற்றுக்கு 8-லிருந்து 12 ஆக உயர்ந்துவிட்டது. கட்டட உரிமையாளருக்கு 'வியாபாரம் மந்தம்' என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, கணக்கேட்டின் நகலோடு இந்த ஒரு கணக்கை வைப்பதே மேல் என்பது நம் கருத்து. ஆறு மாதங்களுக்கு மட்டும் 18,000 ரூபாயாகக் குறைத்தருளுமாறு, தொகையும் காலமும் குறித்து வேண்டலாம்.

ஆனால் மறுமொழி வருமுன் தாமே குறைத்துச் செலுத்தலாகாது. கேரளத்தின் 1965-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, பாக்கி குறித்துப் பதிவுத் தபாலில் அறிவிப்புப் பெற்ற 15 நாட்களுக்குள் வட்டியுடன் தீர்க்காவிடில், உரிமையாளர் கட்டடத்தைக் காலி செய்விக்க மனுச் செய்யலாம். அவர் வாய்மொழியாக இசைந்தாலும் கையொப்பமிட்ட கடிதம் பெறுக. இன்றேல் குறைத்த 6,000 ரூபாயும் பின்னர் மாதந்தோறும் பாக்கியாகக் கணக்கிடப்படக்கூடும்.