சிக்கரி கலந்தாலும் காபி காபிதான்

படபடப்பு, தூக்கமின்மை என்று வருபவர்களிடம் காபியைப் பற்றிக் கேட்டால், இப்போதெல்லாம் ஒரே பதில்தான்: “சிக்கரி காபிக்கு மாறிட்டேன் டாக்டர்.” மாறிய பிறகும் ஏன் தூக்கம் வரவில்லை என்பதுதான் அவர்களுக்குப் புரிவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சிக்கரி வேரில் காஃபீன் கிடையாது; உண்மை. ஆனால் கடையில் விற்கும் சிக்கரி கலந்த காபித்தூளில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்டம். ஐம்பது வயது அம்மா ஒருவர் 80:20 தூளை விட்டு 60:40-க்கு மாறினார். டம்ளருக்குப் பத்து கிராம் தூள். முன்பு இரண்டு டம்ளர். உள்ளே போனது 16 கிராம் காபி. “இதுல காபி கம்மிதானே” என்று மூன்று டம்ளர் ஆக்கினார். இப்போது 18 கிராம்! சிக்கரி டிகாக்‌ஷனுக்குக் கறுப்பும் கசப்பும் தரும். நிறத்தை வைத்துக் காஃபீனை அளக்காதீர்கள். பாக்கெட்டில் உள்ள சதவீதத்தைப் படியுங்கள்.

தலைவலிக்கு நீங்களே மாத்திரையா?

காபியை ஒரேயடியாக நிறுத்தினால் ஒரு நாளைக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாள் கடுமையாகி, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். அதற்குள் மெடிக்கலில் கேட்டு மாத்திரை விழுங்குகிறார்கள். சில தலைவலி மாத்திரைகளில் காஃபீனே சேர்ந்திருக்கிறது. வாசலில் விரட்டியதைக் கொல்லைப்புறமாக அழைப்பது இதுதான். வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் மாத்திரைக்கே வேலையில்லை.

மாற்றுகளிலும் கவனம்

வறுத்த பார்லி நல்ல மாற்று. இரண்டு ஸ்பூன் பார்லியை, கரியவிடாமல், இளந்தீயில் கரும்பழுப்பாக வறுத்து, இரண்டு டம்ளர் நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஆனால் பார்லியில் குளூட்டன் உண்டு. சீலியாக் நோய் உள்ளவர்கள் தொடக் கூடாது.

தனிச் சிக்கரியில் இனுலின் என்ற நார்ச்சத்து அதிகம். எடுத்த எடுப்பில் நிறையக் குடித்தால் வயிறு உப்பும். அதை ‘கேஸ் டிரபிள்’ என்று இன்னொரு மாத்திரைக்கு ஓடாதீர்கள், அளவைக் குறையுங்கள்.

பேரீச்சங்கொட்டைத் தூளிலும் காஃபீன் இல்லை. கொட்டையைச் சதை ஒட்டாமல் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே வறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். இந்தத் தூள் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்; அது மருந்தல்ல, பானம். சுக்கு காபியும் நல்லதுதான், கருப்பட்டி அளவோடு இருந்தால். கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும்.

தயவுசெய்து

காபியை விட்ட பிறகும் படபடப்பு தொடர்ந்தால் இ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனை தேவை. பழியைக் காபிமேல் போட்டுவிட்டு மாதக்கணக்கில் பானத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், முதல் மாதத்திலேயே வந்துவிடுங்கள்.