இரும்புக் கேட் தரையில் உரசுகிறதா? முதலில் தூணைப் பாருங்கள்

வீட்டு வாசலில் உள்ள இரும்புக் கேட் கிறீச்சிட்டால் கீலுக்கு கிரீஸ் போதும். தரையில் உரசினால் அது போதாது. சிலர் கேட்டின் அடிப்பகுதியை அறுத்து விடுகிறார்கள். சாய்வது இரும்புத் தூணாக இருந்தால், கேட் மீண்டும் உரசும்.

காரணத்தைக் கண்டறிவது எளிது. கேட்டைப் பாதி திறந்து, பூட்டுப் பக்க நுனியைக் கையால் மெல்லத் தூக்க வேண்டும். கீல் மட்டும் ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றலாம். தூணே அசைந்தால் அதன் அடித்தளம் தளர்ந்திருக்கிறது.

தூணை நிமிர்த்த, முதலில் இருவர் சேர்ந்து கேட்டைக் கழற்ற வேண்டும். தூணைச் சுற்றித் தோண்டி, தூக்குக்குண்டு பிடித்து நேராக்கி, முட்டுக்கொடுத்து கான்கிரீட் போட வேண்டும். மழைநீர் தூணடியில் தேங்காதபடி கான்கிரீட்டின் மேற்பரப்பு வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டை மாட்டலாம். தூணின் அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் நிமிர்த்திப் பயனில்லை. தூணையே மாற்ற வேண்டும். இல்லையேல் ஒருநாள் கேட்டோடு சாய்ந்துவிடும்.

காத்திருக்கும் வாரத்தில் துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, தூசியைத் துடைத்து, அன்றே துருத்தடுப்புப் பூச்சு அடிக்கலாம். நம் ஈரக்காற்றில் வெற்று இரும்பு விரைவில் மீண்டும் துருப்பிடிக்கும். கீலில் பழைய அழுக்கைத் துடைத்து கிரீஸ் தடவ வேண்டும். மெல்லிய எண்ணெய் மழையில் கழுவிப் போய்விடும்.