முதலில் எந்தக் கடன்? பலாபத்வலைத் தாதி ஒருத்தியின் கணக்கு

ஒரு வீட்டில் மூன்று கடன் இருந்தால் எதை முதலில் அடைப்பது? கடன் கொடுத்தவர்களில் அதிகம் சத்தம் போடுபவருக்கே பெரும்பாலும் முதலில் கொடுக்கிறோம். அது சரியான வழியல்ல என்பதைக் காட்ட ஒரு சிறு கதையைச் சொல்கிறோம். இதில் வரும் குடும்பமும் தொகைகளும் கணக்கு விளங்குவதற்காக அமைத்தவை. சட்டமும் நடைமுறையும் நம் நாட்டில் உள்ளவை.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வழியில் உள்ள பலாபத்வலையில், இடம்பெயர்ந்து வந்து குடியேறிய ஒரு விவசாயக் குடும்பம். தாய்வழியில் கிடைத்த அரை ஏக்கர் காணியில் மிளகும் கொக்கோவும் நட்டிருந்தார்கள். மூத்த மகள் தாதிப் பயிற்சியை முடித்து, அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் நிரந்தர வேலையில் இருந்தாள். அப்பாவின் கூலியும் மிளகு விற்ற பணமும் சாப்பாட்டுக்குப் போதும். மகளுடைய சம்பளத்தில் மாதம் 25,000 ரூபாயைக் கடனுக்கென்று ஒதுக்க முடிந்தது.

அவள் முதலில் செய்தது ஒரு கொப்பித்தாளில் கடன்களை எழுதியதுதான். யாரிடம் வாங்கியது, முதல் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, எதை ஈடாகக் கொடுத்தது, கெடு எப்போது என்று ஐந்து விடயங்களை ஒவ்வொரு கடனுக்கும் கேட்டு எழுதினாள். கடை வியாபாரி ஒருவரிடம் 60,000 ரூபா, நூற்றுக்குப் பத்து வட்டி. வங்கியில் அடகு வைத்த நகைக்கு 120,000 ரூபா, வட்டி மாதம் 1,800. காணியை வைத்து ஒரு முதலாளியிடம் வாங்கியது 300,000 ரூபா, வட்டி மாதம் 9,000. ஆக, முதலில் ஒரு சதமும் குறையாமல் வட்டிக்கு மட்டும் மாதம் 16,800 ரூபா போய்க்கொண்டிருந்தது.

காணிக் கடனின் உறுதியை எடுத்து வாசித்தபோதுதான் உண்மையான ஆபத்து தெரிந்தது. அது ஈட்டு உறுதி அல்ல. ஈடு என்றால் காணி நம் பெயரிலேயே இருக்கும். கடன் கொடுத்த தனியார் வழக்கு வைத்துத்தான் அதை விற்க முடியும். இதுவோ நிபந்தனையுடன் எழுதிய விற்பனை உறுதி. கையெழுத்து வைத்த அன்றே காணி முதலாளியின் பெயருக்குப் போய்விட்டது. குறித்த திகதிக்கு முன் முழுப் பணத்தையும் கட்டினால் அவர் திருப்பி எழுதித் தரவேண்டும். திகதி தவறினால் காணி அவருக்கே. அந்தத் திகதிக்கு இன்னும் 15 மாதம் இருந்தது.

"மொதலாளி அவசரமில்ல, வசதியான நேரம் தாங்கன்னு வாயால சொல்லிட்டாரு மகள்" என்றார் அப்பா. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் காணியை இழக்கின்றன. 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும். ஆகவே கெடுவை நீடிப்பதாக வாயால் சொன்ன வார்த்தையை நம்பியிருக்க முடியாது. முதலாளி மனம் மாறினாலும், அவர் இறந்து பிள்ளைகள் பொறுப்புக்கு வந்தாலும், உறுதியில் உள்ள திகதிதான் பேசும்.

அப்படியானால் காணிக் கடனையே முதலில் அடைக்கலாமே என்று தோன்றும். ஆனால் கையில் அந்த 300,000 ரூபா இல்லை. சிறுகச் சிறுக முதலாளியிடம் கொடுத்தால் உறுதியில் எதுவும் மாறாது. துண்டு இல்லாமல் கொடுத்தால் கொடுத்ததற்குச் சாட்சியும் இராது. எனவே அவள் திகதியை மனதில் வைத்து, முதலில் பத்து வட்டிக் கடனை முடிப்பதென்று தீர்மானித்தாள். மாதம் 6,000 ரூபாயை விழுங்கும் அந்தக் கடன் இருக்கும்வரை காணிக்குப் பணம் சேராது.

முதல் மாதம் எல்லா வட்டியும் கட்டியபின் மிஞ்சிய 8,200 ரூபாயை வியாபாரியின் முதலில் கட்டினாள். முதல் 51,800 ஆகக் குறைந்ததால் அடுத்த மாத வட்டி 5,180 தான். குறைந்த வட்டியையும் சேர்த்து இரண்டாம் மாதம் 9,020 ரூபா முதலுக்குப் போனது. இப்படி மாதாமாதம் வட்டி இறங்க, முதலுக்குப் போகும் பணம் ஏறியது. ஆறாம் மாதத்தில் அந்தக் கடன் முடிந்து, 3,200 ரூபா அளவில் மிச்சமும் வந்தது. ஒவ்வொரு முறையும் "முதலில் இவ்வளவு, வட்டியில் இவ்வளவு" என்று பிரித்து எழுதித் துண்டு வாங்கினாள். அப்படிப் பிரித்து எழுதாவிட்டால் கொடுத்தது முழுவதையும் வட்டிக் கணக்கில் போட்டுவிடுவார்கள். கடைசியில், அப்பா முன்பு கையெழுத்திட்டுக் கொடுத்த கடன் சீட்டையும் கேட்டு வாங்கினாள். பணம் கட்டியபின் சீட்டு மற்றவர் கையில் இருந்தால் அதே கடன் இன்னொரு முறை வரலாம்.

ஏழாம் மாதத்திலிருந்து காணி வட்டியும் நகை வட்டியும் போக மாதம் 14,200 ரூபா மிஞ்சியது. அதை முதலாளியிடம் கொடுக்காமல் தன் பெயரில் வங்கியில் போட்டாள். பதினான்காம் மாதம் முடியும்போது கையில் ஏறக்குறைய 116,800 ரூபா. மீதிக்கு அவள் தன் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இடர் கடனுக்கு விண்ணப்பித்தாள். அரசாங்க ஊழியருக்குக் குறைந்த வட்டியில் கிடைக்கும் இக்கடன் சம்பளத்திலேயே தவணையாகக் கழிக்கப்படும். பிணைக்கு வேறு ஊழியர்கள் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பம் மேசை மேசையாகப் போகக் காலம் எடுக்கும் என்பதால் நான்கு மாதம் முன்பே கொடுத்திருந்தாள். 200,000 ரூபா கிடைத்தது.

கெடுவுக்கு ஒரு மாதம் முன் நொத்தாரிசு முன்னிலையில் 300,000 ரூபாயைக் கொடுத்தார்கள். மிச்சமிருந்த 16,000 சொச்சம் முத்திரைக்கும் எழுத்துக் கூலிக்கும் உதவியது. முதலாளி காணியைத் திருப்பி எழுதிக் கொடுத்தார். ஆனால் எழுதியதோடு வேலை முடியாது. அந்த உறுதி மாத்தளைக் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்று சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்து, பதிவேட்டின் பிரதியையும் எடுத்துக்கொண்டாள்.

இனி இடர் கடன் தவணையாகச் சம்பளத்தில் மாதம் 4,000 ரூபா அளவில் கழியும். 9,000 ரூபா காணி வட்டி இல்லை. நகை இரண்டு அடகுச் சீட்டாக இருந்ததால் சிறியதை முதலில் மீட்டாள். இடையில் கெடு வந்தபோது வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்ததால் நகை ஏலத்துக்குப் போகவில்லை. ஏழாம் மாதத் தொடக்கத்தில் அம்மாவின் சங்கிலி வீட்டுக்கு வந்தது. பழைய கடன் மூன்றும் 21 மாதத்தில் முடிந்தன. எஞ்சியது சம்பளத்தில் கழியும் ஒரு கடன் மட்டுமே.

சம்பளக்காரர் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இடர் கடன் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் கெடுவுக்குள் பணம் சேராது என்று தெரிந்தால் இன்னொரு வழி உண்டு. 1941ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த கடன் இணக்க சபைக்கு மனுச் செய்யலாம். சபை இரு தரப்பையும் அழைத்து, தவணையில் கட்டுவதற்கு இணக்கம் காண முயலும். நிபந்தனை உறுதியானால் மனு கெடு முடிவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். அடுத்த நாள் போனால் காலம் கடந்துவிட்டது.

இடம்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால், காணி உள்ள மாவட்டத்தின் பதிவகத்தில் பிரதி பெறலாம். இங்கே சொன்னது சொந்த உறுதிக் காணிக்கே பொருந்தும். அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியை இப்படித் தனியாருக்கு எழுதிக் கொடுக்க முடியாது; அது பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். எந்தக் காணியானாலும், உறுதியை இன்றே எடுத்து அதில் எழுதியுள்ள திகதியை வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.