முதல் செய்திக்கு முன் நான்கு வாரம்

கோவையில் தனியாக லேபிள் வடிவமைக்கும் ஒரு பெண்ணுக்கு, ஈரோட்டில் செக்கு எண்ணெய் விற்கும் ஒருவரின் வேலை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த முதலாளி லிங்க்ட்இன்னில் வாரம் இரண்டு பதிவாவது போடுகிறவர். "சார், நான் டிசைனர், வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று இன்றே அனுப்பிவிடலாம். ஆனால் முன்பின் தெரியாத பெயரிலிருந்து வரும் அந்த வரிக்குப் பதில் கிடைப்பது அபூர்வம். தெரிந்த பெயராவதற்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும்.

முதல் வாரம் அவர் எதுவும் எழுதுவதில்லை. முதலாளியைப் பின்தொடர்ந்து, பழைய பதிவுகளைப் படிக்கிறார். அரை லிட்டர் கடலை எண்ணெய் வாங்கிச் சமையலுக்கு வைத்துக்கொள்கிறார். தன் பக்கத்தில் பெயருக்குக் கீழே உள்ள வரியை 'உணவுப் பொருள் லேபிள் வடிவமைப்பாளர்' என்று திருத்துகிறார். கருத்துப் போடும்போதெல்லாம் பெயரோடு சேர்ந்து தெரிவது அந்த வரிதான்.

இரண்டாம் வாரம் முதலாளி, பிளாஸ்டிக்கிலிருந்து கண்ணாடி பாட்டிலுக்கு மாறியதைப் பற்றி எழுதுகிறார். 'அருமை சார்' என்று போட்டால் நாற்பது பேரில் ஒருவராகிவிடுவார். இவர் கேட்பது வேறு: "கூரியரில் உடைவதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பெட்டிக்குள் அட்டைத் தடுப்பு வைக்கிறீர்களா?" அந்தத் தொழிலில் இருப்பவர் பதில் சொல்லத் தூண்டும் கேள்வி அது. வாரத்துக்கு இப்படி ஒன்றிரண்டு போதும். ஒரே ராத்திரியில் பதினைந்து பழைய பதிவுகளுக்கு லைக் போட்டால், அத்தனையும் அறிவிப்பாகப் போய் அவரைச் சங்கடப்படுத்தும். கருத்தில் தன் சேவையைப் பற்றிப் பேசினாலும் காரியம் கெட்டது.

இதற்குள் சமையலறையில் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. ஊற்றும்போது வழிந்த எண்ணெய் காகித லேபிளில் ஊறி, காலாவதி தேதி மங்கிவிட்டது. இதைப் பொதுவில் எழுதினால் வாடிக்கையாளர்கள் முன் அவரைக் குறை சொன்னதாகிவிடும். அதனால் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்.

முதலாளி பெயர் சொல்லிப் பதில் எழுதுகிறாரா, இவர் பக்கத்தை வந்து பார்த்தாரா என்பவைதான் அறிமுகம் ஆகிவிட்டதற்கு அடையாளம். நான்காம் வாரம் செய்தி போகிறது: "வணக்கம் சார். அட்டைத் தடுப்பு பற்றி விளக்கியதற்கு நன்றி. உங்கள் கடலை எண்ணெய்தான் வீட்டில் ஓடுகிறது. பத்து நாளில் லேபிளில் எண்ணெய் ஊறித் தேதி மங்கிவிட்டது, படம் இணைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் ஃபிலிம் லேபிளில் ஊறாது. மாதிரி இரண்டு அனுப்பட்டுமா?"

இதில் விலை இல்லை, தன் பெருமை இல்லை. 'அனுப்புங்கள்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்.

பதிவே போடாத முதலாளியிடம் இந்த வழி செல்லாது. அவருக்கு நேரே போன்தான். ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் வைத்துக்கொண்டால் யாருடைய எண்ணெயையும் வாங்கிச் சமைத்துப் பார்க்க முடியாது. நான்கு வாரம் தாண்டியும் லைக் போட்டுக்கொண்டே இருந்தால், முதலாளிக்கு இவர் ஒரு நல்ல வாசகர், அவ்வளவுதான். வேலை வேண்டுமென்றால் அந்தச் செய்தியை அனுப்பித்தான் ஆக வேண்டும்.