காற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

எங்கள் ஊர் எப்போதும்வென்றான். பேருந்தில் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் வென்ற ஊர் தண்ணீரை மட்டும் வெல்லவில்லை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். என் அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்பவர். ஐப்பசி, கார்த்திகையில் மருந்து முக்கிய குச்சி காயாமல் நமுத்துப்போகும். சித்திரை பிறந்துவிட்டால் முக்கிய வேகத்தில் காயும். இந்தக் கரிசல் காட்டு வறட்சிதான் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டித் தொழில் வேர்விட ஒரு காரணம் என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே சித்திரைக் காற்றில் தண்ணீரே இல்லை என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

சென்ற பருவத்தில் எங்கள் வேதியியல் மன்றக் கூட்டத்தில் முதுநிலை பயிலும் அண்ணன் ஒருவர் தமது ஆய்வுத்திட்டத்தின் சுருக்கத்தைப் படித்தார். இரண்டே பக்கம். நுண்துளைச் சட்டகப் பொருள் ஒன்றை இரவில் காற்றாட வைத்து, பகலில் வெயிலில் சூடேற்றி, அது பிடித்துவைத்த நீரை வடித்தெடுப்பது என்பதே திட்டம். மலருக்காக அதை விளக்கி எழுதும்படி பேராசிரியர் என்னிடம் சொன்னார். விளக்கத்தோடு, அண்ணனிடம் நான் மாறுபட்ட ஓர் இடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இயற்பியல் ஆய்வகத்தில் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளை இரவல் வாங்கி, மே மாதத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் தொங்கவிட்டேன். பிற்பகல் இரண்டு மணிக்கு உலர்குமிழ் 37 டிகிரி, ஈரக்குமிழ் 26. மறுநாள் விடியற்காலையில் 27, 24. அட்டவணையைப் பார்த்தால் ஒப்பு ஈரப்பதம் பகலில் ஏறத்தாழ 42 சதவீதம், விடியலில் 78. பகலைப்போல் இரண்டு மடங்கு நீர் இரவில் வந்துவிட்டதா என்றால், இல்லை. கணக்கிட்டால் ஒரு கன மீட்டர் காற்றில் பகலில் 18 கிராம், விடியலில் 20 கிராம். நீரின் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. காற்று சூடானதால் அதன் கொள்திறன் பெருகி, ‘சதவீதம்’ குறைந்திருக்கிறது, அவ்வளவே. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் காற்றில், கொளுத்தும் வெயில் நேரத்திலும் அரை லிட்டர் நீர் ஆவியாக நிற்கிறது. குச்சி வேகமாகக் காய்வதும், காற்றில் அரை லிட்டர் நீர் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

இந்த நீரைப் பிடிப்பது எப்படி? நம் அடுக்களையிலேயே ஒரு பொருள் பிடிக்கிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சோற்றுப்பு ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடும்வரை சும்மா இருக்கும்; தாண்டியதும் காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். அதாவது அதற்கு ஒரு ‘வாசற்படி’ இருக்கிறது. படிக்குக் கீழே ஒன்றுமில்லை, மேலே ஏறினால் வெள்ளம். ஆனால் உப்பு கரைந்துபோவதால் கையில் மிஞ்சுவது உப்புநீர். நமக்கு வேண்டியது, வாசற்படி தாழ்வாக உள்ள, ஆனால் கரையாத பொருள்.

அந்தப் பொருள்தான் உலோக-கரிமச் சட்டகம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு எம்.ஓ.எஃப். என்பார்கள். கட்டடம் கட்டும்போது போடும் சாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்று முடிச்சுகளின் இடத்தில் உலோக அயனிகள், மூங்கில்களின் இடத்தில் கரிம அமிலத்தின் மூலக்கூறுகள். சாரத்தின் பெரும்பகுதி வெற்றிடமே. அந்த வெற்றிடத்தின் உட்சுவர்களை விரித்து அளந்தால் ஒரு கிராம் பொடிக்குள் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் வரும். நம் ஊர்க் கணக்கில் கால் ஏக்கர். இத்துறைக்காக 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கித்தகாவா, ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. யாகி 1965இல் ஜோர்டானின் அம்மான் நகரில், அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். எப்போதோ வரும் தண்ணீரைப் பாத்திரம் பாத்திரமாகப் பிடித்துவைத்த சிறுவன். இந்தச் செய்தியை நான் அம்மாவிடம் சொன்னபோது, “நம்ம வீட்டுப் பிள்ளைதான்” என்றார்.

அண்ணன் தேர்ந்திருந்தது யாகி குழுவினரின் எம்.ஓ.எஃப்.-303. அலுமினியமும் பைரசோல் டைகார்பாக்சிலிக் அமிலமும் சேர்ந்தது. இதன் வாசற்படி 12 சதவீத அளவில் இருக்கிறது. துளைச் சுவரில் உள்ள நைட்ரஜன், ஹைட்ராக்சில் தொகுதிகள் முதலில் சில நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றுகின்றன. பிறகு வருபவை அவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துச் சங்கிலியாகி, துளை முழுவதும் நிரம்பிவிடுகிறது. பொடியின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் நீர்! கலிபோர்னியாவின் பாலைவனங்களில் இதை வைத்துச் சோதித்தார்கள். மின்சாரத்தால் சூடேற்றி ஒரே நாளில் பலமுறை நிரப்பி வடித்த கருவி, 2019இல் மொஹாவே பாலைவனத்தில் கிலோவுக்கு 0.7 லிட்டர் தந்தது. வெயிலை மட்டும் நம்பி ‘மரணப் பள்ளத்தாக்கில்’ வைத்த பெட்டி, 2023இல் வெளியான முடிவுப்படி, கிலோவுக்கு நாளொன்றுக்கு 210 கிராம் அளவு தந்தது. அண்ணனின் சுருக்கத்தில் கிலோவுக்கு 2.8 லிட்டர் என்று ஓர் எண் இருந்தது. அது 2017ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையில் எம்.ஓ.எஃப்.-801 என்ற வேறொரு பொருளுக்கு மதிப்பிட்டுச் சொன்னது. அதே பொருள் அடுத்த ஆண்டு அரிசோனாச் சோதனையில் தந்தது கிலோவுக்குச் சுமார் 100 கிராம்தான். செய்தித்தாள்கள் பெரிய எண்ணையே இன்றும் எடுத்தாளுகின்றன.

இனி என் மாறுபாட்டுக்கு வருகிறேன். பிடிப்பது பாதி வேலைதான், விடுவது மறுபாதி. பெட்டிக்குள் நடப்பதைப் பாருங்கள். பொடி வெயிலில் சூடாகி ஆவியை விடுகிறது. ஆவி, நிழலில் இருக்கும் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. நம் மே மாதத்தில் அந்தச் சுவர் வெளிக்காற்றைவிடக் குளிராது, 37 டிகிரிதான். அந்த வெப்பநிலையில் நீரின் ஆவியழுத்தம் 47 மி.மீ. பாதரசம். ஆகவே பெட்டிக்குள் ஆவியழுத்தம் 47க்குக் கீழே இறங்காது. பொடி நீரை விடவேண்டுமானால், அது உணரும் ஒப்பு ஈரப்பதம் அதன் வாசற்படிக்குக் கீழே போகவேண்டும். எம்.ஓ.எஃப்.-303க்கு அது 12. பொடியை 85 டிகிரிக்குச் சூடேற்றினால், அங்கே செறிவு ஆவியழுத்தம் 433 மி.மீ.; 47ஐ 433ஆல் வகுத்தால் 11 சதவீதம். அப்போதுதான் விடும். கண்ணாடி மூடிய மரப்பெட்டியில் 85 டிகிரியை மணிக்கணக்கில் நிறுத்துவது எளிதன்று.

இப்போது வாசற்படி 30 சதவீதத்தை ஒட்டி உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். 63 டிகிரியில் செறிவு ஆவியழுத்தம் 171 மி.மீ.; 47ஐ வகுத்தால் 27 சதவீதம். நீர் வந்துவிடும். அறுபத்து மூன்று டிகிரி நம் வெயிலுக்கு ஒரு பொருட்டல்ல. பாலைவனத்தில் பகற்காற்று பத்து சதவீதத்துக்கும் கீழே போகும்; அங்கே தாழ்ந்த படி தேவை, அதற்கான விலையாக அதிக வெப்பத்தையும் கொடுத்தாக வேண்டும். எங்கள் ஊர்க் காற்றோ கடலுக்கு அருகில் உள்ள காற்று; என் திண்ணையில் 42க்குக் கீழே இறங்கவில்லை. அத்தனை தாழ்ந்த படி நமக்கு எதற்கு? வறண்ட ஊர் என்பதாலேயே பாலைவனப் பொருளைத் தேர்ந்துவிட்டோம் என்பதே நான் சொன்னது. யாகி குழுவினரும் பைரசோல் அமிலத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஃபியூரான் அமிலத்தைச் சேர்த்து, முதல் நீர் மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்திக் காட்டியிருக்கிறார்கள் (2021). பிடி தளர்ந்தால் படி உயரும், விடுவதற்கு வெப்பம் குறையும்.

நம் காற்றுக்கேற்ற பொருள் முன்பே இருக்கிறது: அலுமினியம் ஃபியூமரேட். எடையில் மூன்றில் ஒரு பங்கு நீர் பிடிக்கும். இதைச் செய்ய விலை உயர்ந்த கரைப்பான் வேண்டாம். கலங்கிய குடத்தில் போடும் படிகாரத்தின் உறவுக்காரரான அலுமினியம் சல்பேட்டின் கரைசலை 60 டிகிரியில் வைத்து, ஃபியூமரிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து மெல்லச் சேர்க்க, வெண்ணிற வீழ்படிவு உண்டாகும். வடிகட்டிக் கழுவவேண்டும். இங்கேதான் தவறு நேரும். சோடியம் சல்பேட் முழுதும் போகாவிட்டால் அது துளைகளை அடைத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க நம் உப்புப் பகுப்பாய்வு வகுப்பே போதும்: கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெண்மை தோன்றக் கூடாது. பிறகு 120 டிகிரியில் உலர்த்த வேண்டும்.

பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைத் தராசு சொல்லிவிடும். மாலையில், விடியலில், மறுமாலையில் எடை பார்க்கவேண்டும். பகலில் பொடி இழந்த எடையும் குப்பியில் சேர்ந்த நீரும் ஒத்துப்போகவில்லை என்றால் மூடியின் இடுக்கில் ஆவி கசிகிறது. இரவில் எடை ஏறவில்லை என்றால் துளை அடைபட்டிருக்கிறது, அல்லது பொடியைத் தடித்த படுகையாகப் பரப்பியதால் காற்று அடிவரை போகவில்லை. கரிசல் புழுதி வேறு இருக்கிறது. அதற்கு ஒரு மெல்லிய துணி.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஏலே, அந்தப் பொடி ஒரு கொடந் தண்ணி குடுக்குமா?” குடம் பதினைந்து லிட்டர் என்று கொண்டேன். மூன்றில் ஒரு பங்கு என்றால், எதுவும் வீணாகாவிட்டாலும் 45 கிலோ பொடி வேண்டும். ஒரு லிட்டர் நீரைத் துளையிலிருந்து கிளப்ப ஏறத்தாழ 2,900 கிலோஜூல் வெப்பம் செலவாகும். நல்ல வெயில்நாளில் ஒரு சதுர மீட்டரில் விழுவது 20,000 கிலோஜூல் அளவு. இழப்பே இல்லாத பெட்டியிலும் சதுர மீட்டருக்கு ஏழு லிட்டரைத் தாண்ட முடியாது. பாதி வெப்பம் பெட்டியைச் சூடாக்கவே போய்விடும் என்று வைத்தால் ஒரு குடத்துக்கு நாலைந்து சதுர மீட்டர். எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையில் இடம் இருக்கிறது, 45 கிலோ பொடிக்குக் காசு இல்லை. “குடிக்க ஒரு செம்பு வரும்மா, கொடம் வராது” என்றேன். “செம்பு வந்தா காய்ச்சல்காரனுக்கு ஆகும்” என்றார்.

அண்ணன் என் கணக்கை இருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு திட்டச் சுருக்கத்தில் ஒரு வரியை மாற்றினார். கல்லூரி மொட்டைமாடியில் ஒன்றுக்கு இரண்டாகப் பெட்டிகள். ஒன்றில் 50 கிராம் எம்.ஓ.எஃப்.-303, மற்றதில் 50 கிராம் அலுமினியம் ஃபியூமரேட். கணக்குப்படி முதலாவது நாலு தேக்கரண்டி நீர் பிடிக்கும், இரண்டாவது மூன்றேகால். எது பிடித்ததை முழுதாக விடுகிறது என்பதுதான் கேள்வி. சித்திரையில் தொடங்குகிறோம், விடியற்காலை எடை பார்ப்பது என் பொறுப்பு.