ஊருணி தூர்வாரிய காசுக்கு ஒரு நன்றிக் கடிதம்

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஊருணி தூர்வாரும் சின்ன அறக்கட்டளைகளுக்குப் பணம் கொடுப்பவர்கள் பலர் வெளியூரில் இருப்பவர்கள். மாசி, பங்குனியில் பணம் அனுப்புவார்கள். ஆனி, ஆடியில் கடிதம் வரும். “தங்கள் நல்லாதரவால் நமது ஊருணி புத்துயிர் பெற்றது” என்று நாலு வரி, கூடவே பொன்னாடை, ரிப்பன், மண் அள்ளும் இயந்திரம் என்று மூன்று படங்கள். இந்தக் கடிதத்தை எந்த ஊர் ஊருணிக்கும் அனுப்பலாம். கொடுத்த காசு எவ்வளவு மண்ணாக வெளியே போனது என்பது மட்டும் அதில் இருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊரும் தொகையும் உதாரணத்துக்குத்தான். இரண்டு ஏக்கர் ஊருணி, 4,20,000 ரூபாய் வசூல். நல்ல கடிதம் இப்படி எழுதும்: “ஹிட்டாச்சி 110 மணி நேரம், மணிக்கு 1,800 வீதம் 1,98,000. அதை ஏற்றி இறக்கிய லாரி வாடகையும் ஆப்பரேட்டர் பேட்டாவும் 14,000. வரத்துக்கால் வெட்ட ஜேசிபி 40 மணி நேரம், 48,000. கரையில் போட்ட மண்ணை நிரவ டிராக்டர் 22,000. தண்ணீர் நுழையும் இடத்தில் கல்கட்டும் வண்டல் தங்கும் தொட்டியும் 65,000. தணிக்கை, அச்சு, வங்கிச் செலவு 15,000. கையிருப்பு 58,000, அடுத்த ஆண்டு வரத்துக்கால் செதுக்க வைத்திருக்கிறோம்.” கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. அலுவலகச் செலவே இல்லை என்று பெருமை பேசும் கடிதத்தைவிட அந்த 15,000-ஐ எழுதிய கடிதத்தை நான் நம்புவேன். தணிக்கையாளர் யாரும் இனாமாகக் கையெழுத்துப் போடுவதில்லை. போட்டாலும் அதையும் எழுத வேண்டும்.

இதில் பெரிய தொகை இயந்திரத்துக்குப் போகிறது, ஓட்டை விழுவதும் அங்கேதான். இயந்திரத்தின் கேபினுக்குள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருக்கிறது. வேலை தொடங்கும்போது ஒரு படம், முடிந்ததும் ஒரு படம். இரண்டு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசம் பில்லில் இருக்கும் மணிக்கணக்கோடு ஏறக்குறைய பொருந்த வேண்டும். பொன்னாடைப் படத்தைவிட இந்த இரண்டு மங்கலான படங்கள்தான் கொடுத்தவருக்குப் பிரயோசனம்.

மணி சரி, மண் எவ்வளவு? ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். இரண்டு ஏக்கரை ஒரு மீட்டர் ஆழம் தோண்டினால் அதிகபட்சம் 8,000 கன மீட்டர் சொச்சம். கரையோரத்தைச் சரிவாக விடுவதால் கொஞ்சம் குறையும். 7,700 என்று வைப்போம். 110 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 70 கன மீட்டர் வருகிறது. மண் இளக்கமாக, நடுத்தர ஹிட்டாச்சி தடையில்லாமல் ஓடினால் நடக்கக்கூடியதுதான். இருநூறு என்று வந்தால் யாரோ அளவை ஊதியிருக்கிறார்கள். இருபது என்று வந்தால் இயந்திரம் நிழலில் நின்றிருக்கிறது, அல்லது கீழே பாறையோ சரளையோ வந்திருக்கிறது. எதுவானாலும் கடிதத்தில் ஒரு வரி விளக்கம் வேண்டும்.

லோடு கணக்கு இதைவிடத் தந்திரமானது. வெட்டிய மண் பொலபொலவென்று உப்பும். தரையில் 100 கன அடியாக இருந்தது வண்டியில் 125 ஆகலாம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் ஏற்றினால் நம் 7,700 கன மீட்டர் மண் 1,130 நடை வரை போகும். அந்த நடைகளைப் பெருக்கி “இத்தனை லட்சம் லிட்டர் கொள்ளளவு கூடியது” என்று எழுதினால் கால் பங்கு சும்மா கூடிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் குழியை அளப்பார்கள். தோண்டும்போது ஆங்காங்கே பழைய தரைமட்டத்தில் ஒரு மண் திட்டை விட்டுவைத்து, அளந்து எழுதிக்கொண்ட பிறகே அதை வெட்டுவார்கள். அந்தத் திட்டின் பக்கத்தில் டேப் பிடித்து எடுத்த படம் கடிதத்தில் இருந்தால் வேலை தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வண்டலைத் தங்கள் வயலுக்கு விவசாயிகள் சொந்த டிராக்டரில் அள்ளிப் போனால் அறக்கட்டளைக்கு நடைக்கூலி மிச்சம். அதை “ஊர்க்காரர்கள் பங்கு, இத்தனை நடை” என்று தனியாக எழுதுவதே முறை. ரூபாயாக்கி வரவில் சேர்த்தால் கணக்கு குழம்பும். மண் எடுக்க அரசு அனுமதி தேவை என்பதால் அனுமதி எண்ணும் தேதியும் கடிதத்தில் இருப்பது நல்லது. ஆர்வக்கோளாறில் அனுமதி வாங்காமல் தோண்டி, நடுவில் வேலை நின்று, இயந்திரத்துக்குக் காத்திருப்பு வாடகை கொடுப்பது நன்கொடையில்தான் கை வைக்கும்.

இனி முக்கியமான இடம். 7,700 கன மீட்டர் தோண்டினால் 77 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடம் கிடைத்திருக்கிறது. தண்ணீர் இன்னும் வரவில்லை. “77 லட்சம் லிட்டர் நீர் சேமித்தோம்” என்று ஆடி மாதம் எழுதுவது, மழைக்கு முன்பே அறுவடைக் கணக்கு சொல்வது. அந்தப் பக்கத்துக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகவே கடிதம் இரண்டு வர வேண்டும்: வேலை முடிந்ததும் செலவுக்கு ஒன்று, பொங்கலுக்குப் பிறகு தண்ணீருக்கு ஒன்று.

இரண்டாவது கடிதத்துக்கு ஊருணிக்குள் அடி குறித்த ஒரு கல் நட்டால் போதும். மாதம் ஒருமுறை ஒருவர் போய் மட்டத்தைப் படிக்க வேண்டும். கோடையில் ஆவியாகப் போவது மட்டும் நாளுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர். இரண்டு ஏக்கர் பரப்பில் அது நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல். குடிக்கவோ குளிக்கவோ இல்லாமலே அவ்வளவு. மட்டம் அதைவிட வேகமாக இறங்கினால் தண்ணீர் எங்கோ கசிகிறது. ஆழம் கூட்டும் ஆசையில் அடியிலுள்ள களிமண் படுகையைக் கிழித்திருக்கலாம். பக்கத்துக் கிணறுகளுக்கு அது லாபம், ஊருணியை நம்பியவர்களுக்கு நட்டம். வேலை ஏரியில் என்றால் இன்னொரு கேள்வி: மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினார்களா? அங்கே தேங்கும் தண்ணீர் மதகு வழியாக வயலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் நிலத்தடிக்கும்தான். ஆயக்கட்டு பெருகியது என்று எழுத முடியாது.

“கிணற்று மட்டம் எட்டு அடி உயர்ந்தது” என்ற வரியையும் அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது. நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லாக் கிணறும் உயரும். போன ஆண்டு அதே மாதம் எவ்வளவு, ஊருணிக்குத் தொலைவில் இருக்கும் ஒரு கிணற்றில் எவ்வளவு என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அந்த எட்டுக்குப் பொருள். தூரத்துக் கிணறும் ஏழடி ஏறியிருந்தால் ஊருணியின் பங்கு என்று சொல்ல ஓரடிதான் மிச்சம், அதுவும் உறுதியில்லை.

வரிச் சலுகை விஷயம் தனி. 80ஜி பதிவுள்ள அறக்கட்டளை என்றால் 2021-22 நிதியாண்டிலிருந்து வெறும் ரசீது போதாது. வருமான வரி இணையதளத்தில் கணக்கு ஏற்றி, 10பிஇ என்ற சான்றிதழை மே 31-க்குள் நன்கொடையாளருக்குத் தர வேண்டும் என்று விதி வந்தது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இது பயன். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால் சலுகை கிடையாது.

மழை பொய்த்த ஆண்டின் தைக் கடிதம் எப்படி இருக்கும்? “ஊருணியில் இரண்டடிதான் நிற்கிறது. வரத்துக்காலில் மேற்கே ஓரிடத்தில் யாரோ வண்டிப்பாதைக்கு மண் போட்டு அடைத்திருந்ததை நவம்பரில்தான் பார்த்தோம். பெய்த மழையும் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. கையிருப்பு 58,000-இல் அங்கே குழாய் பதித்துப் பாதையை உயர்த்த 31,000 செலவானது. மீதி 27,000.” இதைப் படித்துவிட்டு அடுத்த பங்குனியில் பணம் அனுப்பலாமா என்று யோசிப்பவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் குழாயின் விட்டம் எத்தனை அங்குலம்?