ஓர் இணைப்பு அறுந்தால் யாருக்குத் தெரிய வேண்டும்?

தரவு மையத்தில் ஒவ்வொரு சர்வர் அடுக்கின் தலையிலும் ஒரு லீஃப் சுவிட்ச் இருக்கும். ஒவ்வொரு லீஃபும் எல்லா ஸ்பைன் சுவிட்சுகளோடும் இணைந்திருக்கும். இங்கே ஓஎஸ்பிஎஃப் போன்ற உள்வழி நெறிமுறையை ஓட்டினால், ஒரு கேபிள் அறுந்த செய்தி ஊர் முழுக்கத் தண்டோரா போட்டதுபோல் எல்லா சுவிட்சுகளுக்கும் பரவும். ஒரே செய்தி ஒவ்வொரு ஸ்பைன் வழியாகவும் திரும்பத் திரும்ப வந்து சேரும். பெரிய மையங்களில் இது வீண் சுமை.

பிஜிபி தன் பக்கத்துச் சுவிட்சிடம் மட்டுமே பேசும். 2016-இல் வெளியான RFC 7938 காட்டும் எண்முறை இதற்கு அழகாகப் பொருந்துகிறது. ஸ்பைன்கள் எல்லாவற்றுக்கும் 65000 என்ற ஒரே எண்; லீஃபுகளுக்கு 65001, 65002 எனத் தனித்தனி எண்கள் என்று வைப்போம். முதல் ஸ்பைனுக்கும் 65001-க்கும் இடையே இணைப்பு அறுகிறது. அந்த ஸ்பைன் தன் வழியை மற்ற லீஃபுகளிடமிருந்து திரும்பப் பெறுகிறது. அவை மீதி ஸ்பைன்கள் வழியே அனுப்புகின்றன. 65002 தன் வழியை அந்த ஸ்பைனுக்குச் சொன்னாலும், அது இப்படி வரும்:

```
65002 65000 65001
```

தன் எண்ணையே அதில் பார்க்கும் ஸ்பைன் அந்த வழியைத் தள்ளிவிடும். சுற்றுவழி தேடி அலைவதற்கு இடமே இல்லை.

ஆனால் பிஜிபியின் வழக்கமான காலக்கணக்கு இணையத்துக்கானது. அறிவிப்புகளுக்கு இடையிலான 30 விநாடி இடைவெளியைப் பூஜ்யமாக்காவிட்டால், மாற்றுவழிச் செய்தி தாமதமாகும்.